கோளம், கம்பி, தகடு: கணக்கைச் சுருக்கும் சமச்சீர்

1773ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் ஒரு சோதனை செய்தார். ஓர் அடி விட்டமுள்ள உருண்டை ஒன்றைக் கண்ணாடிக் குச்சியில் நிறுத்தினார். அதைவிடச் சற்றே பெரிய இரண்டு அரைக்கோளங்களை அதைத் தொடாமல் மூடினார். மின்சாரம் பாய்வதற்காக உருண்டைக்கும் அரைக்கோளங்களுக்கும் மெல்லிய உலோகத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த உருண்டையையும் வெளிக்கூட்டையும் ஒரு சிறு கம்பி இணைத்தது. வெளிக்கூட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தபின், அந்தக் கம்பியைப் பட்டு நூலால் இழுத்து வெளியே எடுத்தார். பிறகு அரைக்கோளங்களைப் பிரித்து, நூலில் தொங்கும் இரண்டு நெட்டிப் பந்துகளை உள் உருண்டையிடம் கொண்டுபோனார். மின்னூட்டம் இருந்தால் பந்துகள் ஒன்றையொன்று தள்ளி விலக வேண்டும். அவை அசையவே இல்லை.

கொடுத்த மின்னூட்டத்தில் அறுபதில் ஒரு பங்கு உள்ளே போயிருந்தால்கூடத் தன் கருவி காட்டியிருக்கும் என்பதையும் அவர் தனியே சோதித்து உறுதி செய்துகொண்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் வியப்பானது. மின்விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அந்த ‘இரண்டு’ என்ற அடுக்கில் பிழை இருந்தாலும் அது ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்றார். இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை அவர் அளக்கவே இல்லை! கூலூம் தன் முறுக்குத் தராசால் அதே விதியை நேரடியாக அளந்து வெளியிட்டது 1785இல்தான். கேவண்டிஷோ இதை வெளியிடாமல் வைத்திருந்தார். நூறாண்டு கழித்து, 1879இல் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கும் இருமடி விதிக்கும் என்ன தொடர்பு? கூட்டுக்குள் ஏதோ ஓர் இடத்தில் நின்று எதிரெதிர்த் திசைகளில் இரண்டு குறுகிய கூம்புகளை வரைந்து பாருங்கள். ஒரு கூம்பு பக்கத்துச் சுவரில் சிறு வட்டத்தை வெட்டும். மற்றது தூரத்துச் சுவரில் பெரிய வட்டத்தை வெட்டும். தூரம் மூன்று மடங்கு என்றால் வட்டத்தின் பரப்பு ஒன்பது மடங்கு. அதில் இருக்கும் மின்னூட்டமும் ஒன்பது மடங்கு. ஆனால் விசை தூரத்தின் இருமடியில் குறைவதால், ஒவ்வொரு துளி மின்னூட்டத்தின் தள்ளும் வலிமையும் ஒன்பதில் ஒன்றாகிறது. இரண்டும் அச்சொட்டாகச் சமமாகிவிடுகின்றன. அடுக்கு 2 ஆக இல்லாமல் 2.1 ஆக இருந்தால் பக்கத்துச் சுவர் ஜெயித்திருக்கும். கம்பி வழியே கொஞ்சம் மின்னூட்டம் உள் உருண்டைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

பரப்பு கூடுகிற வேகமும் புலம் குறைகிற வேகமும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதைத்தான் காஸ் விதி ஒரே வரியில் சொல்கிறது. ஒரு விளக்கை ஏற்றி அதைச் சுற்றிக் கொசுவலை கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலை சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும், கோணல்மாணலாக இருந்தாலும், விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் முழுவதும் அந்த வலையைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். வலைக்கு வெளியே இன்னொரு விளக்கு இருந்தால், அதன் வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நிகரக் கணக்கில் சுழியம். மின்னூட்டத்துக்கும் இதே கணக்குதான். ஒரு பரப்பைச் செங்குத்தாகத் துளைத்துச் செல்லும் மின்புலத்தை அந்தப் பரப்பளவால் பெருக்கினால் கிடைப்பது மின்பாயம். எந்த மூடிய பரப்பை எடுத்தாலும், அதன் வழியே வெளியேறும் மொத்த மின்பாயம், உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை ε₀ ஆல் வகுத்தால் வருவது. ε₀ என்பது வெற்றிடத்தின் விடுதிறன், மதிப்பு 8.85 × 10⁻¹². அந்தக் கற்பனைப் பரப்புக்குத்தான் பாடப்புத்தகத்தில் காஸியன் பரப்பு என்று பெயர்.

இந்த விதி எப்போதும் உண்மை. ஆனால் எப்போதும் பயன்படாது. விதி சொல்வது மொத்தத்தை மட்டும்தான். நமக்கு வேண்டியதோ ஓர் இடத்தில் புலம் எவ்வளவு, எந்தத் திசையில் என்பது. பத்துப் பேர் சேர்ந்து ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள் என்றால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல முடியாது. எல்லாரும் சமமாகக் கொடுத்தார்கள் என்று வேறு வழியில் தெரிந்தால்தான் தலைக்கு நூறு என்று சொல்லலாம். அந்த ‘வேறு வழி’தான் சமச்சீர். காஸ் விதியின் கணக்கு என்று நாம் படிப்பதில் முக்கால்வாசி உழைப்பு விதியைப் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வகுப்புகளில் அந்த முக்கால்வாசியை ‘சமச்சீரின்படி’ என்ற ஒரு சொல்லில் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குறை.

கோளத்தில் அதைச் செய்து பார்க்கலாம். சீராக மின்னூட்டம் பெற்ற கோளம் ஒன்று. அதற்கு வெளியே P என்ற ஒரு புள்ளி. P-இல் புலம் மையத்திலிருந்து நேர் வெளிப்பக்கம் இல்லாமல், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மையத்தையும் P-ஐயும் இணைக்கும் கோட்டை அச்சாக வைத்துக் கோளத்தை அரைச்சுற்றுத் திருப்புங்கள். புலமும் கோளத்தோடு திரும்ப வேண்டும். ஆகவே இடப்பக்கச் சாய்வு வலப்பக்கமாக மாற வேண்டும். ஆனால் கோளம் திருப்பியதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. திருப்பியது யாருக்கும் தெரியாது. ஒரே மின்னூட்ட அமைப்பு ஒரே இடத்தில் இரண்டு வேறு புலங்களைத் தர முடியாது. எனவே சாய்வே இருக்கக் கூடாது. புலம் ஆரத்தின் திசையில் மட்டும்தான். இதே போல, மையத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளிலும் அதன் அளவும் ஒன்றுதான்.

இனி விதியைப் போடலாம். மையத்தைச் சுற்றி r ஆரமுள்ள கற்பனைக் கோளம். அதன் பரப்பு 4πr². எல்லா இடத்திலும் புலம் செங்குத்தாக, சமமாக இருப்பதால் மின்பாயம் வெறும் பெருக்கல்: E × 4πr² = Q/ε₀. புலம் E = Q/(4πε₀r²). மின்னூட்டம் முழுவதையும் மையத்தில் ஒரு புள்ளியாகத் திரட்டி வைத்தால் என்ன வருமோ அதேதான். ஈர்ப்பு விசைக்கு இதே முடிவை நியூட்டன் 1687இல் வெளியான தன் பிரின்கிபியாவில் வடிவியல் கொண்டு நிறுவினார். அங்கே அது சிரமமான கட்டுமானம், இங்கே ஒரு வரி.

கூட்டுக்கு உள்ளே கற்பனைக் கோளத்தைப் போட்டால் அதற்குள் மின்னூட்டம் ஏதும் இல்லை. எனவே புலம் சுழியம். கேவண்டிஷ் கண்டது இதைத்தான். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். “உள்ளே மின்னூட்டம் இல்லை, ஆகவே புலம் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். அது போதாது. வெளியில் ஒரு மின்னூட்டத்தை வைத்துவிட்டு, வெறும் இடத்தில் ஒரு கற்பனைக் கோளம் வரைந்தாலும் உள்ளே மின்னூட்டம் இல்லைதான். நிகர மின்பாயமும் சுழியம்தான். ஆனால் புலம் அங்கே நன்றாகவே இருக்கிறது. நுழைவதும் வெளியேறுவதும் சமம், அவ்வளவே. கோளக் கூட்டுக்குள் மட்டும் ‘புலம் எங்கும் சம அளவு, ஆரத் திசையில்’ என்று சமச்சீர் முன்கூட்டியே சொல்லிவிட்டதால்தான், மொத்தம் சுழியம் என்றால் ஒவ்வொன்றும் சுழியம் என்று சொல்ல முடிகிறது.

கோளத்தின் வாய்பாட்டைக் கொண்டு பள்ளி ஆய்வகத்து வான் டி கிராப் இயந்திரத்தைக் கணக்கிடலாம். உலர்ந்த காற்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் பொறி பறக்கும். தலைக்கோளத்தின் ஆரம் 15 சென்டிமீட்டர் என்றால், மேற்பரப்பில் இந்த அளவு புலம் வர 7.5 மைக்ரோகூலூம் மின்னூட்டம் போதும். கோளத்தின் மின்னழுத்தம், மேற்பரப்பின் புலத்தை ஆரத்தால் பெருக்கினால் வரும்: 4,50,000 வோல்ட். இது உச்ச வரம்பு. தூசியும், பட்டை நுழையும் ஓட்டையின் விளிம்பும் அதற்கு முன்பே கசிவைத் தொடங்கிவிடும்.

அடுத்து நீண்ட கம்பி. சீராக மின்னூட்டம் பெற்ற, முடிவே இல்லாத நேர்க்கம்பி; பக்கத்தில் ஒரு புள்ளி. புலம் கம்பியின் நீளவாக்கில் சாய்ந்திருக்கலாமா? கம்பியைச் சுற்றி வளையமாகப் போகலாமா? புள்ளியிலிருந்து கம்பிக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, அதை அச்சாக வைத்துக் கம்பியை முனை மாற்றித் திருப்புங்கள். கம்பி பழையபடியே இருக்கும். ஆனால் நீளவாக்குச் சாய்வும் வளையச் சாய்வும் இரண்டுமே எதிர்த்திசைக்கு மாறியாக வேண்டும். எனவே இரண்டும் இல்லை. ஒரே திருப்பலில் இரண்டு சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. கம்பியை அதன் நீளத்தில் நகர்த்தினாலும் எதுவும் மாறாது என்பதால், ஒரே தூரத்தில் எங்கும் ஒரே புலம்.

கம்பியைச் சுற்றி உருளை வடிவில் கற்பனைப் பரப்பு போடுவோம். இரு மூடிகளின் வழியே மின்பாயம் இல்லை. புலம் அவற்றை ஒட்டியபடி ஓடுகிறது. வளைந்த பக்கத்தின் பரப்பு 2πrL. உள்ளே இருக்கும் மின்னூட்டம், மீட்டருக்கு λ வீதம், λL. இருபுறமும் L அடிபட்டுப்போக, E = λ/(2πε₀r). கோளத்தில் தூரம் இரட்டித்தால் புலம் கால்பங்கு, கம்பியில் அரைப்பங்குதான். உருளையின் பரப்பு ஆரத்தோடு நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது என்பதே காரணம்.

இதற்கு நல்ல உதாரணம் நம் தலைக்கு மேலேயே ஓடுகிறது. 400 கிலோவோல்ட் டவர் லைனை உற்றுப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: ஒவ்வொரு ‘ஃபேஸு’க்கும் ஒரு கம்பி இல்லை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகள் ஜோடியாகப் போகும், நடுநடுவே அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் ‘ஸ்பேசர்’ இருக்கும். மின்னோட்டத்துக்கு அதிக உலோகம் வேண்டுமென்றால் ஒரே தடித்த கம்பியாகப் போட்டிருக்கலாமே?

கணக்குப் போடுவோம். இந்தியாவில் இந்த லைன்களில் பரவலாகப் பயன்படுவது ‘மூஸ்’ எனப்படும் கம்பி, விட்டம் 31.77 மில்லிமீட்டர், அதாவது ஆரம் கிட்டத்தட்ட 1.6 சென்டிமீட்டர். 400 கிலோவோல்ட் என்பது இரண்டு ஃபேஸுகளுக்கு இடையில். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையில் 231, அலையின் உச்சத்தில் 327 கிலோவோல்ட். கம்பி தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், இந்த அழுத்தத்துக்கு அது மீட்டருக்குச் சுமார் 2.4 மைக்ரோகூலூம் மின்னூட்டம் சுமக்க வேண்டும். அதை மேலே சொன்ன வாய்பாட்டில் போட்டு, r என்ற இடத்தில் கம்பியின் ஆரத்தை வைத்தால், கம்பியின் மேற்பரப்பில் புலம் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 27,000 வோல்ட். காற்று தாங்கும் எல்லையான 30,000ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. ஒரு மீட்டர் தள்ளிப் போனால் அதே புலம் சென்டிமீட்டருக்கு 430 வோல்ட்தான். ஆபத்து முழுவதும் கம்பியின் தோலில்தான் இருக்கிறது.

மேலும், மூஸ் கம்பி வழவழப்பான தண்டு அல்ல. 54 அலுமினிய இழைகளையும் 7 எஃகு இழைகளையும் சேர்த்து முறுக்கியது. ஒவ்வோர் இழையின் முதுகிலும் புலம் கொஞ்சம் கூடுதல். தூறல் விழுந்தால் கம்பியின் அடியில் தொங்கும் நீர்த்துளியின் முனையில் இன்னும் கூடுதல். அங்கே காற்று உடைந்து, ‘உஸ்’ஸென்று இரைந்து, இருட்டில் மங்கிய ஊதா ஒளி விடும். இதுதான் கொரோனா. மின்சாரம் வீணாவதோடு பக்கத்து ரேடியோவிலும் கரகரப்பு கேட்கும்.

அதே மூஸ் கம்பியில் இரண்டை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டால், மொத்த மின்னூட்டம் மீட்டருக்கு 3.1 மைக்ரோகூலூமாக உயர்கிறது. ஆனால் அது இருவருக்கும் பிரிகிறது. ஒவ்வொன்றின் பங்கு 1.55. தோலில் புலம் சென்டிமீட்டருக்குச் சுமார் 18,000 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. பக்கத்து ஃபேஸுகளையும் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் ஏறும். ஆனாலும் ஒற்றைக் கம்பி ஏன் கூடாது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. 765 கிலோவோல்ட் லைன்களில் நான்கு அல்லது ஆறு கம்பிகள் கொத்தாகப் போவதும் இதனால்தான்.

கம்பி முடிவில்லாதது என்று வைத்துக்கொண்டோமே, அது எவ்வளவு தூரம் செல்லும்? ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நடுப்புள்ளிக்கு எதிரே, 10 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் வாய்பாடு 2 சதவீதம்தான் கூடுதலாகச் சொல்லும். அரை மீட்டர் தள்ளிப் போனால் உண்மைப் புலம் வாய்பாடு சொல்வதில் 71 சதவீதம் மட்டுமே. முனைப் பக்கம் நின்றால் வாய்பாட்டைத் தொடவே கூடாது. அங்கே முனை மாற்றித் திருப்பும் வாதமே செல்லாது.

தகட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரந்த தட்டையான பரப்பில், சதுர மீட்டருக்கு σ வீதம் மின்னூட்டம். புலம் தகட்டுக்குச் செங்குத்தாக, இருபுறமும் சமமாக வெளியேறும். மாத்திரை டப்பா போன்ற சிறு உருளையைத் தகட்டின் குறுக்கே வைத்தால், மேல்மூடியும் கீழ்மூடியும் மட்டும் கணக்கில் வரும்: 2EA = σA/ε₀. ஆக E = σ/(2ε₀). தூரமே இதில் இல்லை! டப்பாவை எவ்வளவு உயரமாக்கினாலும் மூடிகளின் பரப்பு மாறுவதில்லை.

நிஜத் தகட்டுக்கு விளிம்பு உண்டு. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மின்னூட்ட வட்டின் நடுவில், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் உண்மைப் புலம் இந்த மதிப்பில் 90 சதவீதம். 10 சென்டிமீட்டர் உயரத்தில் 29 சதவீதம். ஒரு மீட்டர் போனால் அரை சதவீதம்; அங்கிருந்து பார்த்தால் அது தகடே அல்ல, ஒரு புள்ளி.

மாணவர்களைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. மின்கடத்தியின் மேற்பரப்பருகே புலம் σ/ε₀ என்று புத்தகம் சொல்லும். தகட்டுக்கு அதில் பாதி. எது சரி? இரண்டும் சரி. கடத்தியின் உலோகத்துக்குள் புலம் சுழியம். ஆகவே டப்பாவின் கீழ்மூடி வழியே எதுவும் போகாது, மின்பாயம் முழுவதும் மேல்மூடி வழியே போயாக வேண்டும். இந்த σ/ε₀ஐக் காற்றின் எல்லையோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் எண் கிடைக்கும்: காற்றில் இருக்கும் எந்த உலோகப் பரப்பும் சதுர சென்டிமீட்டருக்கு 2.7 நானோகூலூமுக்கு மேல் தாங்காது. எலக்ட்ரானாக எண்ணினால் சுமார் 1,700 கோடி. பெரிதாகத் தோன்றும், ஆனால் அந்தப் பரப்பில் ஏறத்தாழ 60,000 அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான் கூடுதல், அவ்வளவுதான்.

கோளம், நீண்ட கம்பி, பரந்த தகடு ஆகியவற்றையும் அவற்றைச் சேர்த்துக் கட்டும் அமைப்புகளையும் தாண்டினால் இந்த வழி பெரும்பாலும் நின்றுவிடும். கனசதுரத்தைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னூட்டம் Q. ஆறு முகங்களும் சமம். ஆகவே ஒவ்வொரு முகத்தின் வழியேயும் மின்பாயம் Q/(6ε₀). இது சரி. இதை முகத்தின் பரப்பால் வகுத்து ‘புலம் இவ்வளவு’ என்று எழுதினால் தவறு. முகத்தின் மூலை, முகத்தின் நடுப்புள்ளியைவிட மையத்திலிருந்து √3 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே புலம் மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் சாய்வாக. பரப்பின் மேல் புலம் சமமாக இல்லாததால் வகுத்தலுக்கு அங்கே வேலை இல்லை.

அதே Q-ஐக் கனசதுரத்தின் ஒரு மூலைக்கு நகர்த்தினால்? தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. அந்த மூலையைச் சுற்றி அதே அளவில் இன்னும் ஏழு கனசதுரங்களை அடுக்கினால், Q எட்டுக்கும் பொதுவாக நடுவில் வந்துவிடும். நம் கனசதுரத்தின் பங்கு எட்டில் ஒன்று. Q-வைத் தொடும் மூன்று முகங்களில் புலக்கோடுகள் முகத்தை ஒட்டியே ஓடுகின்றன, துளைப்பதில்லை. அவற்றின் வழியே மின்பாயம் சுழியம். மீதி மூன்று முகங்களும் தங்களுக்குள் சமம். ஆக ஒவ்வொன்றின் வழியேயும் Q/(24ε₀).